ஸ்ட்ரிப் பாசிட்டிவ்தான், ஆனால் பாட்டியின் குழப்பத்துக்குக் காரணம் வேறு

மார்கழி மாதம் ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து ஊரிலிருந்து 83 வயதுப் பாட்டி ஒருவரை சேலத்துக்கு எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததில் மருமகளுக்குத் தலைசுற்றல். பாட்டிக்கு அதுகூடத் தெரியவில்லை, வண்டியின் பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார். கையில் சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்த்த ஒரு கல்ச்சர் ரிப்போர்ட், இரண்டு ஆன்டிபயாட்டிக் அட்டைகள், "பெரிய ஊசி ஏழு நாள் போடணும், அட்மிட் ஆகணும்" என்று எழுதிய ஒரு சீட்டு. அந்த ஊசி போடுவதற்காகத்தான் வந்திருந்தார்கள். கடைசியில் நாங்கள் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக்கூடக் கொடுக்கவில்லை. ஏன் என்பதைத்தான் விளக்கமாக எழுதுகிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், பிரஷருக்கு ஆம்லோடிபின். இரவில் பாதம் எரிகிறது என்று சொன்னதால் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள், கார்த்திகையில் அது 25 ஆனது. நன்றாகத்தான் இருந்தார். கைத்தடியோடு வாசலில் உட்கார்ந்து, காயப்போட்ட காப்பிக் கொட்டையைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்கிற வேலை அவருடையது. மார்கழிப் பனியில் சளி பிடித்தது. மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கி வேளைக்கு ஒன்றாக மூன்று வேளையும் கொடுத்தார்கள். அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாராசிட்டமால், குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் மூன்றும் சேர்ந்தது. குளிருக்குத் தண்ணீர் குடிக்கவும் பிடிக்கவில்லை, வெளியே இருக்கிற கக்கூசுக்குப் போக வேண்டுமே என்று வேண்டுமென்றே குறைத்தும் குடித்திருக்கிறார்.

நாலாம் நாள் இரவு தொடங்கியது குழப்பம். மருமகளை, இறந்துபோன தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அறைக்குள் ஆட்கள் காப்பிப் பழம் பறிக்கிறார்கள், கூலி கொடுக்க வேண்டும் என்றார். சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். பகலில் பாதி சாப்பாட்டில் தூங்கி வழிந்தார், நடுவில் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசினார், அப்புறம் திரும்பவும் அதே கதை. சேலையும் நனைய ஆரம்பித்தது. அதற்கு முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் இல்லவே இல்லை. ஒன்னுக்கில் வாடையும் அடித்தது.

ஐந்தாம் நாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். நிறம் மாறிக் காட்டுகிற பரிசோதனை ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் முக்கிப் பார்த்ததில் வெள்ளையணுக் கட்டம் இரண்டு பிளஸ், நைட்ரைட் பாசிட்டிவ். "யூரின் இன்ஃபெக்ஷன், அதுதான் தலைக்கு ஏறிவிட்டது" என்று சிப்ரோஃப்ளாக்சசின் 500 காலை மாலை. மூன்று நாளில் குறைவதற்குப் பதில் இரவில் இன்னும் கூடியது. எட்டாம் நாள் இன்னொரு இடம், மறுபடியும் ஸ்ட்ரிப், இந்த முறை வெள்ளையணு ஒரு பிளஸ், நைட்ரைட் நெகட்டிவ். செஃபிக்சைம் மாற்றி, கல்ச்சர் அனுப்பினார்கள். பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது: ஈ.கோலை என்ற கிருமி, ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல், சிப்ரோ வேலை செய்யாது, செஃபிக்சைம் வேலை செய்யாது, மெரோபெனம் ஊசி வேலை செய்யும். அன்றைக்கே மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

இதைப் படிக்கிற பலருக்கு இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். வயதானவர், திடீர்க் குழப்பம், ஸ்ட்ரிப் பாசிட்டிவ், கல்ச்சரில் கிருமி, கொடுத்த மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை, அதனால் பாட்டி தேறவில்லை. ஒரு ஓட்டை இல்லாத கதை மாதிரி இருக்கிறது. நானும் பல வருடம் இந்தக் கதையை நம்பித்தான் மருந்து எழுதினேன்.

அன்றைக்குப் பரிசோதனையில் என்ன இருந்தது என்றால், காய்ச்சல் இல்லை, 98.2. நடுக்கம் வந்ததா என்று மருமகளிடம் இரண்டு விதமாகக் கேட்டேன், பதினொரு நாளிலும் ஒரு தடவைகூட இல்லை. பிரஷர் 138/76, நாடி 92, ஆக்சிஜன் 96. விலாப் பக்கம் தட்டினால் வலி இல்லை. நீர்க்கடுப்பு இருந்ததா, போகும்போது முகம் சுளித்தாரா என்றால் அதுவும் இல்லை.

குழப்பத்தை அளக்க 4ஏடி என்று ஒரு சிறிய பரிசோதனை வைத்திருக்கிறோம், இரண்டு நிமிடம்தான் ஆகும். விழிப்பு எப்படி இருக்கிறது, வயது, பிறந்த தேதி, இடம், வருடம் சொல்கிறாரா, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா, இது திடீரென்று வந்ததா. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம், அதாவது உடம்பில் ஏதோ ஒரு கோளாறால் மூளை திடீரென்று தடுமாறுவது, இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வேலை பார்த்த பாட்டிக்குப் பிறந்த தேதி நன்றாக இருக்கும்போதே தெரியாது, அதனால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணை நான் விட்டுவிட்டேன். மாதத்தையும் தமிழ் மாதமாகக் கேட்டேன். "பங்குனி... மாசி..." என்று ஆரம்பித்து, "கண்ணு, ஆளுங்களுக்குக் கூலி கொடுத்தியா?" என்று என்னையே கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விட்டதைச் சேர்க்காமலே 10 வந்தது. டெலிரியம் என்பதில் சந்தேகம் இல்லை. எதனால் என்பதுதான் கேள்வி.

அப்புறம் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வரைக்கும் உருண்டையாக, இறுக்கமாக ஒரு பந்து. தட்டினால் மந்தமான சத்தம். லேசாக அழுத்தியதும் தூக்கத்திலேயே பாட்டி என் கையைத் தட்டிவிட்டார், சேலை கொஞ்சம் நனைந்தது. அந்த ஒரு நொடியில் பதினொரு நாள் கதை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சிறுநீர்ப்பையில் கிட்டத்தட்ட 650 மில்லி நிற்கிறது. இன்னொரு கேள்வி, யாரும் கேட்காதது: "கடைசியா வெளிக்கு எப்போம்மா போனாங்க?" மருமகள் யோசித்து, "ஆறு நாளாச்சு சார், அத்தை சரியா சாப்பிடவே இல்லையே, அதனாலதான்னு நினைச்சோம்" என்றார். ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்ததில் கல் மாதிரி மலம் அடைத்திருந்தது.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 8,200, தொற்றிலும் அழற்சியிலும் ஏறுகிற சிஆர்பி ஏறக்குறைய நார்மல், சோடியம் 133, சர்க்கரை 168. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிற கிரியேட்டினின் மட்டும் 1.8, இரண்டு மாதம் முன்பு 1.0 இருந்தது.

நடந்தது இதுதான். அமிட்ரிப்டிலின், குளோர்பெனிரமைன் இரண்டுமே அசிட்டைல்கோலின் என்கிற நரம்புச் செய்தியை மறிக்கிற மருந்துகள். சிறுநீர்ப்பை சுருங்குவதற்கும் குடல் நகர்வதற்கும் அந்தச் செய்தி வேண்டும், மூளையில் கவனமும் நினைவும் நிற்பதற்கும் அதுவே வேண்டும். இளவயதுக்காரருக்கு வாய் வறளும், கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். 83 வயதில், ஏற்கெனவே 25 மில்லிகிராம் ஏறியிருக்கிற உடம்பில், இன்னொன்றை மூன்று வேளை சேர்த்தால் குடலும் பையும் மூளையும் சேர்ந்து தடுமாறும். போதாததற்குப் பினைலெஃப்ரின் பையின் வாயை இறுக்கும். மலம் அடைத்தால் அதுவும் சிறுநீர்ப் பாதையை அழுத்தும். பை நிரம்பி வழிந்ததுதான் சேலை நனைந்தது. அதைத்தான் எல்லோரும் "இன்ஃபெக்ஷனால் அடக்க முடியவில்லை" என்று படித்தார்கள். புதிதாகச் சேலை நனைவதைத் தொற்றின் அறிகுறி என்று சேர்ப்பதற்கு முன்னால் பை காலியாகிறதா என்று பார்க்க வேண்டியது அதனால்தான்.

சரி, அப்படியானால் ஸ்ட்ரிப் பொய் சொன்னதா, கல்ச்சர் பொய் சொன்னதா? இரண்டும் பொய் சொல்லவில்லை, நாம்தான் அவற்றிடம் தப்பான கேள்வியைக் கேட்கிறோம்.

ஸ்ட்ரிப்பில் இரண்டு கட்டங்களைத்தான் இதற்குப் பார்க்கிறோம். ஒன்று வெள்ளையணுவிலிருந்து வரும் எஸ்டரேஸ் நொதியைக் காட்டும், வெளிர் மஞ்சளிலிருந்து ஊதாவாக மாறும், இரண்டு நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும். இன்னொன்று நைட்ரைட், வெள்ளையிலிருந்து ரோஸ் நிறமாகும், ஒரு நிமிடத்தில் படிக்க வேண்டும். நாம் சாப்பிடுகிற கீரை காய்கறியிலிருந்து சிறுநீருக்கு வருகிற நைட்ரேட்டை, ஈ.கோலை போன்ற கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதற்குச் சிறுநீர் பையில் நாலு மணி நேரமாவது தங்க வேண்டும். ஆக, ரோஸ் நிறம் சொல்வது "இந்தச் சிறுநீரில் கிருமி இருக்கிறது" என்பதை மட்டும். அந்தக் கிருமி உடம்பைத் தாக்குகிறதா, சும்மா குடியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

வயதானவர்களுக்குச் சும்மா குடியிருப்பது சாதாரணம். வீட்டில் வாழ்கிற 80 வயதைத் தாண்டிய பெண்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும், முதியோர் இல்லங்களில் இருக்கிற பெண்களில் கால்வாசியிலிருந்து பாதிப் பேர் வரைக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாமலே கல்ச்சரில் கிருமி வரும். யூரின் டியூப் ஒரு மாதம் போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இதற்கு அறிகுறியற்ற பாக்டீரியூரியா என்று பெயர். இப்படிக் கிருமி குடியிருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் வெள்ளையணுவும் கூடவே இருக்கும். ரிப்போர்ட்டில் அந்த வெள்ளையணுவை "பஸ் செல்" 20, 30 என்று பார்த்ததும் பதறுகிறோமே, அதுவும் தொற்றையும் சும்மா குடியிருப்பதையும் பிரித்துக் காட்டாது. பாட்டி நன்றாக இருந்து கோழி விரட்டிக்கொண்டிருந்த கார்த்திகையில் யாராவது ஸ்ட்ரிப் முக்கியிருந்தால் அன்றைக்கும் ஊதாவும் ரோஸும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கு முக்க யாருக்கும் காரணம் இல்லை. குழம்பியவர்களிடம் மட்டும் பரிசோதித்தால் குழம்பியவர்களிடம் மட்டும்தான் பாசிட்டிவ் கிடைக்கும், பிறகு இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றும்.

இதோடு சிறுநீர் எடுத்த விதத்தையும் கேட்டேன். நனைந்துகொண்டே இருந்ததால் பாட்டியை ஒரு தட்டின் மேல் உட்காரவைத்து வடிந்ததைப் பாட்டிலில் ஊற்றியிருக்கிறார்கள். கழுவவில்லை. பெண்ணுறுப்பில் இருக்கிற வெள்ளையணுவும் தோலில் இருக்கிற கிருமியும் அதில் கலந்திருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி சரியாக மூடாமல் ஈரக்காற்று பட்டுக்கொண்டிருந்தால் நைட்ரைட் கட்டம் தானாகவே ரோஸாகும், மார்கழி மூடுபனியில் இதை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது முறை நைட்ரைட் நெகட்டிவ் ஆனதே, கல்ச்சரில் ஈ.கோலை லட்சக்கணக்கில் இருக்கும்போது அது எப்படி? ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை, நைட்ரேட் இல்லாமல் கிருமி எதை மாற்றும்? வடிந்து வந்த சிறுநீர் போதுமான நேரம் நின்றதா என்பதும் கேள்விதான். வாடைக்குத் தொற்றே வேண்டியதில்லை, தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியானால் வாடை வரும்.

ஸ்ட்ரிப்பால் முதியவர்களுக்குப் பயனே இல்லையா என்றால், இரண்டு கட்டமும் நெகட்டிவாக வந்தால் சிறுநீர்த் தொற்று இருப்பதற்கு வாய்ப்பு குறைவு, அந்த அளவுக்குப் பயன் உண்டு. பாசிட்டிவாக வந்தால்தான் சிக்கல். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப்பை வைத்துத் தொற்றைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்றே வழிகாட்டுகிறார்கள். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறுநீரில் கிருமியும் கூடவே குழப்பமும் இருக்கிற முதியவருக்குக் காய்ச்சல் போன்ற பொது அறிகுறியோ சிறுநீர்ப் பாதைக்குரிய அறிகுறியோ இல்லை என்றால், உடனே ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் மற்ற காரணங்களைத் தேடி, உன்னிப்பாகக் கவனியுங்கள் என்று சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற ஆதாரம் அவ்வளவு வலுவானது இல்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். "கவனியுங்கள்" என்ற பாதியை விட்டுவிட்டு "கொடுக்காதீர்கள்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஆபத்து.

பாட்டிக்குச் செய்தது இவ்வளவுதான். அமிட்ரிப்டிலின், சளி மாத்திரை இரண்டையும் அன்றே நிறுத்தினோம். கிரியேட்டினின் ஏறியிருந்ததால் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்தினோம். யூரின் டியூப் போட்டதும் 700 மில்லி வந்தது. மலத்தைக் கிளிசரின் வைத்து இளக்கி, கொஞ்சம் விரலால் எடுத்து, பிறகு மலத்தை இளக்குகிற லாக்டுலோஸ். பாஸ்பேட் எனிமா கைக்குச் சுலபம்தான், ஆனால் சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அது உப்புச் சமநிலையைக் கெடுத்துவிடும், அதனால் தவிர்த்தோம். வாயால் குடிக்க முடிந்த நேரத்தில் கஞ்சியும் தண்ணீரும், மீதி டிரிப். மூக்குக் கண்ணாடியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள், அதை மறுநாள் பஸ்ஸில் ஒருவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். மருமகள் பக்கத்திலேயே இருக்கட்டும், பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், கையைக் கட்ட வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னேன்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. ரிப்போர்ட்டை நீட்டி, "ஒரு லட்சம் கிருமின்னு எழுதியிருக்கே சார், ஊசி போடாம விட்டா இரத்தத்துல கலந்துடாதா?" என்று கேட்டார். நியாயமான பயம். வாய்வார்த்தையாக நம்பச் சொல்லாமல், எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வேன் என்பதைத் தாளில் எழுதியே கொடுத்தேன்: நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை காய்ச்சல் பார்ப்போம், 100.4 தொட்டாலோ, நடுக்கம் வந்தாலோ, பிரஷர் இறங்கினாலோ, மூச்சு வேகமானாலோ, விலாவில் வலி வந்தாலோ, இரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு அதே மணி நேரத்தில் ஊசி. அப்படிப்பட்ட நோயாளி வாசலிலேயே வந்து நின்றால், 102 காய்ச்சலும் நடுக்கமுமாக, விலாவைத் தொட விடாமல் இருந்தால், ஸ்ட்ரிப் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். பாட்டியிடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

முதல் இரவு அவ்வளவாக மாற்றம் இல்லை, மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் நிறைய மலம் போனது, மாலையில் கண் திறந்து மருமகளிடம் தண்ணீர் கேட்டார். மூன்றாம் நாள் டியூப்பை எடுத்தோம், தானாகப் போனார், போன பிறகு பையில் மீதி 90 மில்லிதான். நாலாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருமகளை அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கிரியேட்டினின் 1.1-க்கு இறங்கியது. ஆனால் இரவில் மட்டும் காப்பிப் பழம் பறிக்கிற ஆட்கள் இன்னும் பத்து நாள் வந்துபோனார்கள் என்று வீட்டிலிருந்து சொன்னார்கள். டெலிரியம் அப்படித்தான், காரணம் சரியான பிறகும் வாரக்கணக்கில் இழுக்கும். அந்த இழுவையைப் பார்த்து "கிருமி இன்னும் போகவில்லை" என்று மறுபடி ஸ்ட்ரிப் முக்கினால் அதே சுழலில் விழுவோம்.

எனக்கு இந்தக் கேஸில் அதிகம் உறுத்துவது ஆன்டிபயாட்டிக்கில் போன அந்த ஏழு நாட்கள். சிப்ரோ முதியவர்களுக்குத் தானே குழப்பத்தைக் கூட்டும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரையை இறக்கும், குடலில் வேறு கிருமிக்கு வழிவிடும், இதெல்லாம் உண்மைதான். அதைவிடப் பெரிய கெடுதல், பாசிட்டிவ் என்று வந்ததும் தேடுதல் நின்றுவிடுவது. வயிற்றில் கை வைக்க, மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க, வெளிக்குப் போனாரா என்று கேட்க யாருக்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது. சளி மாத்திரை அந்த ஏழு நாளும் தொடர்ந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவே நினைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று அதுதான் விளக்குகிறது. குழம்பிய முதியவரைச் சேர்க்கிறோம், ஆன்டிபயாட்டிக் போடுகிறோம், கூடவே டிரிப் ஏற்றுகிறோம், வீட்டு மாத்திரைகள் தற்செயலாக நிற்கின்றன, மலத்துக்கும் ஏதோ கொடுக்கிறோம். மூன்றாம் நாள் தெளிகிறார். பெயர் ஆன்டிபயாட்டிக்குக்குப் போகிறது. பாட்டிக்கும் முதல் நாளே மெரோபெனம் போட்டுக்கொண்டு டியூப்பும் வைத்திருந்தால், நாலாம் நாள் அவர் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த ஊசியின் வேலை என்றுதான் நானே எழுதியிருப்பேன்.

போகும்போது பாட்டிக்கு அமிட்ரிப்டிலின் இல்லை. பாத எரிச்சலுக்கு இரவில் எண்ணெய் தடவி, சர்க்கரையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் பார்ப்போம், தாங்கவில்லை என்றால் வேறு மருந்து யோசிக்கலாம் என்று பேசிக்கொண்டோம். சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் குளோர்பெனிரமைன் என்ற வரியை மருமகள் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். சிறுநீரை மறுபடி பரிசோதிக்கவில்லை, அந்த ஈ.கோலை இன்னும் அங்கேயே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சித்திரையில் மருமகள் போன் செய்தார். அத்தைக்கு இரண்டு நாளாக ஒன்னுக்கில் வாடை அடிக்கிறது, லேபில் கொடுக்கட்டுமா என்றார். காய்ச்சல், நடுக்கம், நீர்க்கடுப்பு ஏதாவது இருக்கிறதா, பேச்சு மாறியிருக்கிறதா, புது மாத்திரை ஏதும் உண்டா, வெளிக்குப் போகிறாரா என்று கேட்டேன். எதுவும் இல்லை, காலையில்தான் வெளிக்குப் போனார், வெயிலுக்குத் தண்ணீர்தான் சரியாகக் குடிப்பதில்லை என்றார். லேப் வேண்டாம், பக்கத்தில் ஒரு சொம்பு மோர் வைத்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் குடிக்கவையுங்கள் என்றேன். பின்னால் பாட்டி கோழியை விரட்டுகிற சத்தம் போனில் கேட்டது.